நோட்டில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு ஓர் அறிமுகக் கடிதம்: புதிதாகக் கணக்கு எழுத வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் தனியாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்குபவருக்கு முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் தெரிந்த கடைக்காரராகத்தான் இருப்பார். தேக்காவில் ஒரு மளிகைக்கடை, வீவக புளோக்குக்குக் கீழே ஒரு சாமான் கடை, சிராங்கூன் ரோட்டுச் சந்தில் ஒரு பூக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்று நோட்டு இருக்கும். ஒன்றில் அன்றன்றைய விற்பனை, இன்னொன்றில் சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது, மூன்றாவதாகக் கடன் வாங்கிப் போனவர்களின் பாக்கி எழுதும் சின்ன 555 நோட்டு. அவருக்கு இந்த மூன்றும் தலைகீழாகத் தெரியும். உங்களுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. கடிதம் எழுத உட்காரும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் எழுதும் கடிதம் இப்படிப் போகும்: கணினிக் கணக்கியல், மேகக் கணிமை, நேரம் மிச்சம், வரிச் சிக்கல் வராது. கடைக்காரர் அதைப் படித்து, 'இவ்வளவு நாள் நான் செய்தது தப்பு என்கிறார்' என்று எடுத்துக்கொள்வார். கடிதம் கல்லாப்பெட்டிக்கு அடியில் போய்விடும். நோட்டை மாற்றச் சொல்லாமல், நோட்டிலிருந்து அவருக்கு இதுவரை கிடைக்காத ஒரு விடையை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடிதத்துக்குத்தான் பதில் வரும். அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

எழுதுவதற்கு முன்

முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் ஆகியவற்றில் இருப்பவர்கள் அந்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். பகுதிநேரமாகக்கூட இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செய்யலாம். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் நடத்தினால் அக்ராவில் பதிவு தேவையில்லை. கடைசிப் பெயருக்குப் பின்னால் 'கணக்குச் சேவை' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அது தொழில் பெயர் ஆகிவிடும், பதிய வேண்டும். அப்புறம், ஆடிட்டர், பட்டயக் கணக்காளர் என்ற பட்டங்களை உரிமை இல்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுதுபவர் என்றால் கணக்கு எழுதுபவர் என்றே எழுதுங்கள். கடைக்காரர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

அடுத்தது கடையைக் கவனிப்பது. ஒரு வாடிக்கையாளராக நின்று பார்த்தால் தெரியும் விஷயங்கள் போதும். நெட்ஸ் மெஷின் இருக்கிறதா, பேநவ் கியூஆர் ஒட்டியிருக்கிறதா, காய்கறிக்காரருக்குக் கல்லாவிலிருந்தே பணம் போகிறதா, பாக்கி எழுதுகிறாரா. நோட்டில் எட்டிப் பார்த்து ஒரு தொகையைத் தெரிந்துகொண்டாலும் அதைக் கடிதத்தில் எழுதவே கூடாது. தன் நோட்டை யாரோ படித்திருக்கிறார் என்ற எண்ணம் வந்தால் அவர் மறுபடி உங்களை நம்ப மாட்டார்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களும் அப்படித்தான். தனிநபர் உரிமையில் நடக்கும் கடையின் வருமானத்தை உரிமையாளர் தன் சொந்த வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், அதை இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கணக்குப் பற்றிய பேச்சு அவர் காதில் ஏறும். ஏப்ரல் பத்தாம் தேதி போய் நின்றால் ஒரு வருடக் கணக்கை ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்வார். அந்த வேலையை ஏற்காதீர்கள், தப்பாகத்தான் முடியும்.

கடிதம்

ஒரு பக்கம், பெரிய எழுத்து, தமிழில். தாளின் பின்பக்கத்தில் அதையே ஆங்கிலத்திலும் போடுங்கள். கடைக்காரர் தமிழில் படித்துவிட்டு மகளிடமோ மகனிடமோ காட்டுவார். அவர்களில் பலருக்கு ஆங்கிலம்தான் வேகமாகப் படிக்க வரும். முடிவெடுப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு மளிகைக்கடைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> திரு. (பெயர்) அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் (முழுப்பெயர்). பக்கத்து புளோக்கில் இருக்கிறேன், உங்கள் கடையில்தான் சாமான் வாங்குகிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில்.
>
> நீங்கள் நோட்டில் கணக்கு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள். அதை வங்கி ஸ்டேட்மென்டோடும் சரக்கு பில்களோடும் ஒப்பிட்டு, ஒரு மாத வரவு செலவை ஒரே தாளில் எழுதித் தருவதுதான் என் வேலை.
>
> முதலில் பிப்ரவரி மாதம் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். முடியும்போது மூன்று விஷயம் உங்கள் கையில் இருக்கும்: அந்த மாதம் உண்மையில் எவ்வளவு விற்றது, சரக்கு கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தர வேண்டும், வெளியே எவ்வளவு பாக்கி நிற்கிறது.
>
> இதற்கு 180 வெள்ளி. தாளைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். அதற்கு மேல் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை.
>
> உங்கள் நோட்டுகள் கடையை விட்டு வெளியே போகாது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் வந்து, கடையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். பணத்தைத் தொட மாட்டேன். சிங்பாஸோ வங்கிக் கடவுச்சொல்லோ கேட்க மாட்டேன். நான் ஆடிட்டர் அல்ல. வரிப் படிவத்தை நீங்களோ உங்கள் அக்கவுண்டண்டோ அனுப்புவீர்கள், அதற்கு வேண்டிய தொகைகளை நான் தயாராக வைத்திருப்பேன்.
>
> வரும் செவ்வாய் மதியம் மூன்று மணிக்குக் கடைக்கு வருகிறேன். வேண்டாம் என்றால் அப்போது சொல்லிவிடுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
>
> இப்படிக்கு,
> (முழுப்பெயர், கைப்பேசி எண்)

இதில் வரி அபராதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். முதல் கடிதத்திலேயே ஐராஸ் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துபவரை, நாளைக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பவராகத்தான் கடைக்காரர் பார்ப்பார். வரி பேச்சை அவரே எடுப்பார், அப்போது நேராகப் பதில் சொல்லுங்கள்.

கட்டணத்தை மணிக் கணக்கில் சொல்லாமல் மொத்தமாகச் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். நோட்டைப் பார்க்காமல் எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியாது, அந்தச் சந்தேகத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. 180 என்பது என் உதாரணம். தினம் நாலைந்து வரி எழுதும் கடைக்கும், இருபது பேரிடம் சரக்கெடுக்கும் கடைக்கும் ஒரே தொகை வராது. முதல் மாதம் உங்களுக்குக் கொஞ்சம் நட்டமாகவே போகலாம். அந்த மாதத்தில்தான் அந்தக் கடையின் கணக்கு எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்வீர்கள்.

'உண்மையில் எவ்வளவு விற்றது' என்று ஏன் எழுதினேன்

செவ்வாய்க்கிழமை நீங்கள் போய் நின்றதும் வரும் முதல் கேள்வி இதுதான்: "எவ்வளவு வித்ததுன்னு எனக்குத் தெரியாதா?" இதற்குப் பதிலாக ஒரு நாள் கணக்கை எழுதிக் கையோடு கொண்டு போங்கள். அவருடைய தொகைகள் வேண்டாம், ஒரு கற்பனைக் கடையின் ஒரு நாள் போதும்.

காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் 200 வெள்ளி வைத்துக் கடை திறக்கிறார். இரவு எண்ணும்போது 880 இருக்கிறது. 200 கழித்து, 'ரொக்கம் 680' என்று எழுதுகிறார். நெட்ஸிலும் பேநவிலும் வந்தது 430. ஆக அன்றைய விற்பனை 1,110 என்று நோட்டில் ஏறுகிறது. நோட்டுக் கணக்கு வைக்கும் கடைகளில் நான் அதிகம் பார்க்கும் முறை இதுதான்.

ஆனால் அன்றைக்குக் கல்லாவிலிருந்து காய்கறிக்காரருக்கு 160 வெள்ளி போயிருக்கிறது. உதவிக்கு வரும் பையனுக்கு டீ, சாப்பாடு 12 வெள்ளி. வீட்டுச் செலவுக்கு அவரே எடுத்தது 100. இந்த 272 வெள்ளியும் அன்றைய விற்பனையில் வந்த பணம்தான், எண்ணுவதற்கு முன்பே வெளியே போய்விட்டது. எதிர்ப்பக்கமாக, போன வாரம் கடன் வாங்கியவர் ஒருவர் 90 வெள்ளி கொடுத்துவிட்டுப் போனார். அது கல்லாவில் இருக்கிறது, ஆனால் அன்றைய விற்பனை இல்லை, போன வாரம் விற்றது. அன்றைக்கே வேறு ஒருவர் 75 வெள்ளிக்குச் சாமான் எடுத்துப் பாக்கி வைத்திருக்கிறார். பணம் வரவில்லை, ஆனாலும் அது அன்றைய விற்பனைதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 680-உடன் 272 சேர்த்தால் 952. அதில் பழைய பாக்கி 90 கழித்தால், அன்றைய ரொக்க விற்பனை 862. அதோடு நெட்ஸ், பேநவ் 430-ம் கடனுக்கு விற்ற 75-ம் சேர்த்தால் 1,367 வெள்ளி. நோட்டில் இருப்பது 1,110. ஒரே நாளில் 257 வெள்ளி வித்தியாசம். யாரும் எதையும் மறைக்கவில்லை. மீதியை எண்ணி விற்பனை என்று எழுதியதால் வந்த வித்தியாசம் அது.

இங்கே ஒரு கடைக்காரர் கட்டாயம் கேட்பார்: "காய்கறிக்குக் கொடுத்ததும் எழுதலை, வித்ததும் எழுதலை. ரெண்டும் சரியாப் போச்சே?" நல்ல கேள்வி. எழுதாமல் விட்ட செலவு காய்கறி 160, சாப்பாடு 12, ஆக 172. விற்பனையில் விட்டது 257. இன்னும்கூட 85 வெள்ளி லாபம் கணக்கில் வரவில்லை. வீட்டுக்கு எடுத்த 100 வெள்ளிதான் இதற்குப் பெரிய காரணம். வீட்டுக்கு எடுப்பது கடைச் செலவு இல்லை, லாபத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்வது. அதைக் கழிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வருடம் முழுவதும் எடுத்தால், கணக்கில் காட்டும் லாபம் ஒருபக்கம், வங்கியில் கடன் கேட்கும்போது சொல்லும் லாபம் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும்.

வருடத்துக்கு நீட்டினால் இது வேறோர் இடத்திலும் இடிக்கும். எல்லா நாளும் இப்படியே போகாது, ஆனாலும் ஒரு பேச்சுக்கு 360 நாள் என்று வைத்தால், நோட்டுப்படி விற்பனை சுமார் 400,000 வெள்ளி, உண்மையில் சுமார் 492,000. தனிநபர் கடையின் வருட விற்பனை 500,000 வெள்ளியைத் தொட்டால், வரிப் படிவத்தோடு லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே என்றால் படிவத்தில் நாலே நாலு தொகைகளைக் காட்டினால் போதும். நோட்டைப் பார்த்தால் இந்தக் கடை அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. நிஜத்தில் தீபாவளி மாதம் கொஞ்சம் நன்றாகப் போனால் தாண்டிவிடும். ஜிஎஸ்டி பதிவுக்கான எல்லை ஒரு மில்லியன் வெள்ளி, இந்தக் கடைக்கு அந்தக் கவலை இப்போது இல்லை. இரண்டு எல்லையையும் குழப்பிக்கொண்டு, "ஜிஎஸ்டி வந்துடும்" என்று பயப்படுகிற கடைக்காரர்கள் உண்டு. அதைத் தெளிவாக்குவதே அவருக்குப் பெரிய உதவி.

இந்த நாள் கணக்கைக் காட்டிய பிறகு, அவர் நோட்டில் செய்ய வேண்டிய ஒரே மாற்றத்தைச் சொல்லுங்கள். இரவு எண்ணும் தொகைக்குக் கீழே இரண்டு வரி: கல்லாவிலிருந்து வெளியே போனது, பழைய பாக்கி வந்தது. அவ்வளவுதான். பேனா கையில் இருக்கும்போதே எழுதிவிடலாம். கடனுக்கு விற்றது 555 நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை வரக்கூடிய பதில்கள்

"எனக்கு அக்கவுண்டண்ட் இருக்கார்." பல கடைகளில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் ஒருவர் இருப்பார். அவருக்குப் போட்டியாக நிற்காதீர்கள். மாதாமாதம் நான் எழுதி வைத்தால் அவர் வேலை சுலபமாகும், அவரிடமே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், ஒரு பை நிறைய பில்லை மார்ச்சில் வாங்கிப் பிரிப்பது அவருக்கும் பிடிக்காது.

"பழைய நோட்டெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?" கூடாது. வணிகப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ஆதாரமே அந்த நோட்டுகள்தான். வருடம் எழுதி ஒரு பெட்டியில் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

"இந்தாங்க போன், சிங்பாஸ்ல நீங்களே போட்டுடுங்க." இது அடிக்கடி நடக்கும், அன்பினால்தான் சொல்வார்கள். வாங்காதீர்கள். சிங்பாஸில் அவருடைய மத்திய சேமநிதி முதல் வங்கி வரை எல்லாம் திறக்கும். பக்கத்தில் நின்று, எந்தக் கட்டத்தில் எந்தத் தொகை என்று காட்டலாம். விரல் அவருடையதாக இருக்கட்டும்.

"கொஞ்சம் கம்மியாக் காட்ட முடியுமா?" மேலே சொன்ன 257 வெள்ளியைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும். முடியாது என்று அப்போதே, மரியாதையாக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு, அவர் விட்டுப்போன உண்மையான செலவுகளை, அந்தக் காய்கறி 160 மாதிரி, பில்லோடு எழுதினால் வரி நியாயமாகவே குறையும் என்று காட்டுங்கள். காய்கறிக்காரர் பில் தரமாட்டார் என்றால், தேதி, பொருள், தொகை, சரக்கு கொடுத்தவர் பெயர் எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாத பில்லை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. அதற்கு வற்புறுத்துகிற கடையை விட்டுவிடுங்கள்.

பதிலே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார் என்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமான் வாங்கப் போகும்போது இயல்பாகப் பேசுங்கள், கடிதத்தைப் பற்றி நீங்களாக இன்னொரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். நெட்ஸ் கணக்கு ஏதாவது ஒரு மாதம் ஒத்துப்போகாமல் இருக்கும்போது அவரே கூப்பிடுவார்.

சரி என்று சொன்ன பிறகு

கடிதத்தில் எழுதியதையே அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எந்த மாதம், என்ன வேலை, எவ்வளவு கட்டணம், என்ன செய்ய மாட்டீர்கள். ஒரு பிரதி கடையில், ஒன்று உங்களிடம்.

நோட்டின் பக்கங்களுக்கு எண் போட அவர் அனுமதி கேளுங்கள், அவரே பென்சிலால் போடட்டும். பக்கத்தைப் படம் பிடிக்க வேண்டியிருந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். 555 நோட்டை மட்டும் படம் பிடிக்காமல் இருப்பது நல்லது. அதில் அக்கம்பக்கத்தவர்களின் பெயரும் கடனும் இருக்கின்றன, நீங்களும் அங்கேயே பக்கத்தில் குடியிருப்பவர். கடையில் உட்கார்ந்து, பெயருக்குப் பதிலாக எண் போட்டுத் தொகையை மட்டும் உங்கள் தாளில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும்.

மாதம் முதல் தேதி காலையில், கடை திறப்பதற்கு முன், கல்லாவில் இருப்பதை அவர் எண்ணட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே நாளில் வங்கி இருப்பு, தர வேண்டிய பில்களின் மொத்தம், வெளியே நிற்கும் பாக்கியின் மொத்தம், இந்த மூன்றையும் குறித்து அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். இந்த நாலு தொகையும் இல்லாமல் தொடங்கினால், மாதக் கடைசியில் வரும் வித்தியாசம் இந்த மாதத்தினுடையதா பழையதா என்று இருவராலும் சொல்ல முடியாது.